பட்டைக்கு அடியில் போன பொத்தான்: svh, dvh அனுபவங்கள்

மலர்விழி: திருமண மண்டபம் ஒன்றுக்கு இணையதளம் செய்தேன். முகப்பில் திரை முழுதும் மண்டபத்தின் படம், அடியில் ‘தேதி கேட்க’ என்ற பொத்தான். கணினியில் கைப்பேசி அளவுக்குச் சுருக்கிப் பார்த்தபோது குறையே தெரியவில்லை. உரிமையாளர் தம் ஐபோனில் திறந்து, “பொத்தான் எங்கே அம்மா?” என்று கேட்டார். சஃபாரியின் முகவரிப் பட்டை அதை மூடியிருந்தது. கணினியின் சோதனைத் திரையில் அந்தப் பட்டையே வராது.

கைப்பேசியில் அளந்தேன். பட்டை விரிந்திருக்கும்போது உயரம் 664, சுருங்கியபின் 745. முகப்பின் உயரத்துக்கு நான் போட்டிருந்த 100vh, அதாவது திரையின் முழு உயரம் என்ற CSS அளவு, பெரிய அளவையே எடுத்துக்கொள்கிறது. பக்கம் திறந்ததும் மறைந்துபோன 81 பிக்சலுக்குள்தான் பொத்தான் இருந்தது.

100dvh போட்டேன், பொத்தான் வந்தது. ஆனால் பக்கத்தைத் தள்ளியதும் பட்டை சுருங்குகிறது, முகப்பு 81 பிக்சல் நீள்கிறது, நடுவிலுள்ள தலைப்பு நகர்கிறது, கீழே படிக்கத் தொடங்கிய வரி நழுவுகிறது. அது எனக்குப் பொறுக்கவில்லை. பட்டை விரிந்த அளவிலேயே நிற்கும் 100svh-க்கு மாறினேன். பட்டை சுருங்கினால் அடுத்த பகுதி கொஞ்சம் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான்.

செந்தில்: நான் எல்லா இடத்திலும் dvh-தான் போடுகிறேன். என் முழுத்திரை மெனு கச்சிதமாக நிற்கிறது. vh இனி எதற்கு?

ரஹீம்: மெனுவுக்கு நீங்கள் செய்தது சரி, செந்தில். அது பக்கத்தின் மேல் மிதக்கிறது, நீண்டாலும் அதற்குக் கீழே நகர எதுவும் இல்லை. முகப்பு அப்படியல்ல. vh வரியையும் நீக்காதீர்கள். சஃபாரி 15.4, குரோம் 108 ஆகியவற்றுக்கு முந்தைய பதிப்புகளுக்கு svh புரியாது. அவை இரண்டாம் வரியைத் தள்ளிவிட்டு முதல் வரியைப் பிடித்துக்கொள்ளும்.

```css
.hero {
  min-height: 100vh;
  min-height: 100svh;
}
```

நான் `height` எழுதிச் சிக்கியிருக்கிறேன். கைப்பேசியைக் கிடைமட்டமாகத் திருப்பியதும் தலைப்பு முகப்பைத் தாண்டி அடுத்த பகுதியின்மேல் வழிந்தது. `min-height` என்றால் முகப்பும் சேர்ந்து வளரும்.

ஜெனிஃபர்: எனக்கும் இதே தொல்லை! விசைப்பலகை எழும்பியதும் செய்தி எழுதும் பெட்டி மறைகிறது. dvh போட்டும் மாறவில்லை.

ரஹீம்: அது வேறு, ஜெனிஃபர். இந்த அலகுகள் இயல்பாக விசைப்பலகையைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆண்ட்ராய்டு குரோமில், viewport மெட்டா வரியில் `interactive-widget=resizes-content` சேர்த்து எனக்குத் தீர்ந்தது. ஐபோனுக்கு இதை நம்பாதீர்கள்.

மலர்விழி: ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. அரட்டைச் செயலி ஒன்றில் வந்த இணைப்பைத் தொட்டால், அதன் உள் உலாவியில் svh போட்டும் பொத்தானின் பாதி வெட்டுப்படுகிறது. தற்போதைக்குப் பொத்தானைத் தலைப்புக்கு அடியிலேயே ஏற்றி வைத்திருக்கிறேன். இதே நிலையில் உயரத்தை அளந்து பார்த்தவர்கள் இருந்தால், பட்டை விரிந்தபோது வந்த எண்ணை எழுதுங்கள்.