பழி வெளி இணைப்பின் மேல், கோளாறு நம் ரேக்கில்: rx_crc_errors காட்டிக்கொடுத்த கதை

இரவுப்பணி:
என் பொறுப்பில் இருக்கும் பேக்கப் சர்வர் ஒன்று பல வாரங்களாக எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டிருந்தது. இன்னொரு கட்டடத்தில் இருக்கும் சர்வர்களிலிருந்து வரும் கோப்புகள் நொடிக்கு 40 மெகாபிட்டைத் தாண்டவே மாட்டேன் என்றன. அதே ரேக்கில் இருக்கும் பக்கத்து சர்வரிலிருந்து நகலெடுத்தால் கிட்டத்தட்ட முழு ஜிகாபிட் வேகம் கிடைத்தது. பிங் போட்டால் ஒரு பேக்கெட்டும் தொலையவில்லை. இரண்டு கட்டடங்களுக்கும் இடையே போய்த் திரும்ப 10 மில்லி நொடி, அவ்வளவுதான். இதைப் பார்க்கும் யாரும் இடையில் இருக்கும் வெளி இணைப்பைத்தான் குறை சொல்வார்கள். எங்கள் குழுவும் இணைப்பு தருபவர்களோடு மல்லுக்கு நின்றது. அவர்கள் தங்கள் பக்கம் சுத்தம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அது உண்மைதான்.

`ethtool eno1` என்று கேட்டபோது எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தது: `Speed: 1000Mb/s`, `Duplex: Full`, `Link detected: yes`. பெரும்பாலோர் இந்த இடத்தில் திருப்தியடைந்து நிறுத்திவிடுகிறார்கள். இணைப்பு எந்த வேகத்திற்கு ஒப்புக்கொண்டது என்பதை மட்டுமே இது சொல்கிறது. அந்த வேகத்தில் வந்து சேரும் ஃபிரேம்கள் சேதமில்லாமல் வருகின்றனவா என்பதற்கு இதில் பதில் இல்லை. அதற்கு `-S` வேண்டும்:

```
# ethtool -S eno1 | grep -E ' rx_(packets|crc_errors|missed_errors):'
     rx_packets: 48210377
     rx_crc_errors: 91426
     rx_missed_errors: 0
```

`rx_crc_errors` எண்ணுவது சிதைந்து வந்த ஃபிரேம்களை. 91,426 என்பது பயமுறுத்தும் எண்தான். ஆனால் தனியாக அதற்குப் பொருள் இல்லை. யாரோ எப்போதோ கேபிளைப் பிடுங்கிச் செருகியபோது ஏறியதாகவும் இருக்கலாம். ஆகவே பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும்போதே பத்து நிமிடம் விட்டு மறுபடி எடுத்தேன்:

```
     rx_packets: 50310912
     rx_crc_errors: 93518
     rx_missed_errors: 0
```

வித்தியாசத்தைப் பாருங்கள். நல்ல ஃபிரேம்கள் ஏறத்தாழ 21 லட்சம், கெட்டவை 2,092. அதாவது ஆயிரத்துக்கு ஒன்று குப்பைக்குப் போகிறது. ஸ்விட்சில் அதே போர்ட்டின் உள்வரும் பிழைக் கவுண்டர் சுழியம். சர்வர் பக்கத்துப் பேட்ச் கேபிளை மாற்றினேன், எண் ஏறுவது நிற்கவில்லை. ஸ்விட்சில் வேறு போர்ட்டுக்கு மாற்றினேன், அப்போதும் ஏறியது. மீதி விவரத்தைப் பிறகு எழுதுகிறேன். இதைப் போல வேறு யாராவது பார்த்திருக்கிறீர்களா?

நீலமேகம்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஸ்விட்ச் பக்கம் பிழை இல்லை, சர்வர் பக்கம் மட்டும் இருக்கிறது. அப்படியானால் கேபிளில் சர்வருக்கு வரும் இணைக்கம்பி அறுந்திருக்கிறது, போகும் இணை நன்றாக இருக்கிறது. கேபிளை முழுதாக மாற்றுங்கள். அதுவரை சமாளிக்க `ethtool -s eno1 speed 1000 duplex full autoneg off` கொடுத்து வேகத்தைப் பூட்டிவையுங்கள். இணைப்பு ஆட்டம் காணாது. நான் எல்லாச் சர்வர்களிலும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பழைய கம்பி:
நீலமேகம் சொன்னதில் ஒரு பாதி சரி. சிஆர்சி பிழையை எண்ணுவது வாங்கும் பக்கம் மட்டுமே. அனுப்பியவருக்குத் தன் ஃபிரேம் வழியில் சிதைந்தது தெரியவே தெரியாது. ஆகவே சர்வரில் எண் ஏறினால், ஸ்விட்ச் அனுப்பும் இடத்திலிருந்து சர்வர் வாங்கும் இடம் வரைக்கும்தான் தேட வேண்டும். இந்தத் திசைக் கணக்கைப் பார்க்காமல் கண்ட இடத்தில் கேபிள் மாற்றுகிறவர்கள்தான் அதிகம்.

ஆனால் "வரும் இணை, போகும் இணை" என்பது 100 மெகாபிட் காலத்துப் பேச்சு. செம்புக் கேபிளில் ஓடும் ஜிகாபிட்டில் நான்கு இணைகளும் ஒரே நேரத்தில் இரண்டு திசையிலும் வேலை செய்கின்றன. ஓர் இணை உண்மையிலேயே அறுந்திருந்தால் ஜிகாபிட் இணைப்பே எழாது. பல கார்டுகள் 100-க்கு இறங்கிவிடும். அதை `Speed` வரியிலேயே பார்த்துவிடலாம். 1000-இல் நின்றுகொண்டு ஒரு பக்கத்தில் மட்டும் பிழை என்றால், அந்தப் பக்கத்து முனைக்கு அருகில் ஏதோ இரைச்சல் புகுகிறது என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். கார்டின் வாங்கும் சுற்று பழுதாக இருக்கலாம். அருகில் கேபிளை ஜாக்கில் முடித்த விதம் மோசமாக இருக்கலாம். தான் அனுப்பும் சிக்னலே பக்கத்து இணையில் கசிந்து, தொலைவிலிருந்து தளர்ந்து வரும் சிக்னலைக் கெடுப்பது அங்கேதான் கடுமையாக இருக்கும்.

பூட்டிவைக்கும் யோசனையை நான் ஏற்கவில்லை. செம்புக் கேபிளில் ஜிகாபிட்டுக்கு ஆட்டோநெகோசியேஷன் கட்டாயம். எந்த முனை கடிகாரத்தை நடத்துவது என்பதே அதில்தான் முடிவாகிறது. நீங்கள் கொடுத்த கட்டளையைச் சில டிரைவர்கள் ஓசைப்படாமல் "1000 மட்டும் அறிவி" என்று மாற்றிக்கொள்கின்றன. அதனால்தான் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே பழக்கத்தில் 100-இல் பூட்டினால், எதிர்ப்பக்கம் பேச்சு நடக்காததால் ஹாஃப் டூப்ளக்ஸுக்கு இறங்கிவிடும். பிறகு ஒரு பக்கம் சிஆர்சி, மறுபக்கம் தாமத மோதல் என்று புதிதாக ஒரு நோய்.

இப்போது வேகப் புதிர். டிசிபி ஒரு பேக்கெட் தொலைந்ததும் வேகத்தைக் குறைக்கிறது. மறுபடி ஏறுவதற்கு ஆகும் நேரம், போய்த் திரும்பும் நேரத்தைப் பொறுத்தது. ஆயிரத்துக்கு ஒன்று தொலைந்து, போய்வர 10 மில்லி நொடி ஆனால், ஓர் இணைப்புக்குக் கிடைப்பது சுமார் 45 மெகாபிட் என்று வழக்கமான தோராயச் சூத்திரம் சொல்கிறது. உங்கள் கவுண்டரையே பாருங்கள்: 600 நொடியில் 21 லட்சம் ஃபிரேம், ஒவ்வொன்றும் 1,500 பைட் என்று வைத்தால் 42 மெகாபிட். பக்கத்து சர்வர் அரை மில்லி நொடிக்கும் குறைவான தூரத்தில் இருப்பதால், அதே இழப்பை அது உடனுக்குடன் ஈடுகட்டிவிடுகிறது. அதனால்தான் கோளாறு கடைசி இரண்டு மீட்டரில் இருந்தும் பழி தொலைதூரத்துக்குப் போயிற்று.

பிங் ஏன் காட்டவில்லை என்றால், சாதாரண பிங் சின்னது. 1,500 பைட் ஃபிரேம் ஆயிரத்துக்கு ஒன்று சிதையும் இடத்தில் சின்ன ஃபிரேம் பல ஆயிரத்துக்கு ஒன்றுதான் சிதையும். `ping -s 1472 -i 0.01` என்று சில நிமிடம் ஓட விட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

இரவுப்பணி:
ஐயா, அந்த முனைதான். ரேக்கின் மேலே உள்ள பேட்ச் பேனலைக் கழற்றிப் பின்னால் பார்த்தேன். எங்கள் ஜாக்கில் மட்டும் வெளியுறையை விரல் நீளத்துக்கு உரித்து, நான்கு இணைகளின் முறுக்கையும் பிரித்து, நேர் நேராக நீவிச் செருகியிருந்தார்கள். பச்சையும் பழுப்பும் ஒட்டி உரசிக்கொண்டு கிடந்தன. பார்க்க ஒழுங்காக, அழகாகக்கூட இருந்தது. முறுக்கு 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரியக் கூடாது என்பது விதி. வெட்டிவிட்டு, முறுக்கைக் கடைசி வரை விட்டு மறுபடி முடித்தேன். அன்றிரவு முழு பேக்கப்பும் ஓடி முடிந்தபோது `rx_crc_errors` ஒன்றுகூட ஏறவில்லை. வேகமும் வெளி இணைப்பின் அளவுக்கு வந்துவிட்டது.

புதுவரவு:
எனக்கும் இதே பிரச்சினைதான். மெய்நிகர் இயந்திரத்துக்குள் `ethtool eth0` கொடுத்தால் `Speed: Unknown!` என்று வருகிறது. என் கேபிளும் பழுதா?

கணக்கன்:
இல்லை, நண்பரே. அது மெய்நிகர் கார்டு. அதற்குக் கேபிளும் இல்லை, சிஆர்சியும் இல்லை. கீழே உள்ள உண்மையான இயந்திரத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். `bond0` என்று ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய இரண்டு இணைப்புகளில் ஒன்று நோயாளி. சில பயனர்களுக்கு எப்போதும் மெதுவாக இருக்கும், மற்றவர்களுக்கு எப்போதும் வேகமாக இருக்கும். எந்த இணைப்பு எந்தக் கம்பியில் போகிறது என்பது முகவரியைப் பொறுத்து முடிவாவதால் இந்த விசித்திரம். `bond0` மேல் `ethtool -S` கேட்டால் பயன் இல்லை, உள்ளே இருக்கும் ஒவ்வொரு கார்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். `/sys/class/net/eno2/carrier_changes` கோப்பையும் பாருங்கள்; இணைப்பு விழுந்ததும் எழுந்ததும் சேர்த்து மொத்தம் எத்தனை முறை என்று அதில் இருக்கும்.

மறைநிலா:
என் சர்வரில் சிஆர்சி சுழியம், ஆனால் `rx_missed_errors` ஏறிக்கொண்டே போகிறது. கேபிள், ஜாக் எல்லாம் மாற்றியாயிற்று, மாற்றம் இல்லை.

பழைய கம்பி:
மாற்றம் இருக்காது. அந்த ஃபிரேம்கள் சேதமில்லாமல் வந்து சேர்ந்தவை. எடுத்து வைக்க இடமில்லாமல் கார்டு கைவிட்டவை. `ethtool -g` கொடுத்து, வந்த ஃபிரேம்களை வைக்கும் ரிங்கின் தற்போதைய அளவையும் உச்ச அளவையும் பாருங்கள். இடைவெளி இருந்தால் `ethtool -G eno1 rx 4096` போல் ஏற்றலாம். மாற்றும்போது இணைப்பு ஒரு கணம் விழக்கூடும், வேலை நேரத்தில் வேண்டாம். அதன் பிறகும் ஏறினால், கார்டின் இண்டரப்டுகள் எல்லாம் ஒரே சிபியு மேல் விழுகின்றனவா என்று பார்க்க வேண்டும். கவுண்டர்களின் பெயர் டிரைவருக்கு டிரைவர் மாறும் என்பதையும் மறக்காதீர்கள். `ethtool -i` காட்டும் டிரைவர் எது என்று எழுதினால் இன்னும் சரியாகச் சொல்லலாம்.

நீலமேகம்:
பூட்டிவைப்பது பற்றி நான் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் வேறொரு சந்தேகம். ஒரு ரேக்கில் உள்ள 10 ஜிகாபிட் சர்வர்கள் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் சிஆர்சி ஏறுகிறது. எல்லா முனையும் ஒன்றாகக் கெடுமா?

பழைய கம்பி:
உங்கள் ஸ்விட்ச் ஃபிரேமை முழுதாக வாங்கும் முன்பே முன்னால் தள்ளிவிடும் வகை என்றால், வேறெங்கோ சிதைந்தது அப்படியே உங்கள் சர்வர்கள் வரை வரும். அந்த நிலையில் சர்வரில் தேடிப் பயனில்லை. ஸ்விட்சின் எந்தப் போர்ட்டில் உள்வரும் பிழை ஏறுகிறது என்று பாருங்கள், அதன் வழியே மேலே போங்கள். மேலே போகும் இணைப்பு ஒளியிழையா?

நீலமேகம்:
ஆம், எஸ்ஆர் மாட்யூல். அதே ஒளியிழையில் முன்பு ஒரு லினக்ஸ் ரூட்டர் இருந்தபோது `ethtool -m` கொடுத்து வாங்கும் ஒளியளவைப் பார்த்திருக்கிறேன், -11.8 dBm என்று இருந்த நினைவு. அப்போது பிழை எதுவும் தென்படவில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

பழைய கம்பி:
10 ஜிகாபிட் எஸ்ஆருக்கு -9.9 என்பதே கீழ் எல்லை. ஆனால் எல்லைக்குக் கீழேயும் பல மாட்யூல்கள் பிழையில்லாமல் ஓடும், அதனால் அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டேன். இழையின் முனையைத் துடைத்துவிட்டு, ஸ்விட்சில் இப்போது என்ன அளவு காட்டுகிறது என்று பார்த்து எழுதுங்கள்.

நீலமேகம்:
அந்த ஸ்விட்சுக்குள் நுழைய எனக்கு அனுமதி இல்லை. கேட்டிருக்கிறேன்.