மைசூர்பாகு கிளறும்போது வாட்ஸ்அப்: பாதித் திரையா, மிதக்கும் திரையா?

பென்னாகரம் அக்கா: நேற்று யூடியூப் பார்த்து மைசூர்பாகு கிளறினேன். கடையில் நின்ற தம்பி, நெய் எவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் கேட்டபடியே இருந்தான். திரையை இரண்டாகப் பிரித்தேன், வீடியோ மேலே, சாட் கீழே. நன்றாகத்தான் போனது. பாகு கம்பிப் பதத்துக்கு வரும் நேரம் பார்த்து அவன் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். அதைத் தொட்டதும் வீடியோ நின்றுவிட்டது. இரண்டும் கண்ணெதிரே இருக்கும்போது ஏன் நிற்கிறது?

பாலக்கோடு: களி கிண்டக்கூட இப்போது வீடியோவா? எங்கம்மா கேட்டால் சிரிப்பார்.

பென்னாகரம் அக்கா: களி இல்லைங்க, மைசூர்பாகு!

காரிமங்கலம்: பிரிக்கவே வேண்டாம். வீடியோ ஓடும்போது ஹோம் அழுத்துங்கள், சின்னதாகி மூலையில் மிதக்கும். எல்லா போனிலும் உண்டு.

கிருஷ்ணகிரி மொபைல் கடை: எல்லா போனிலும் இல்லை அண்ணா. ரேம் குறைந்த மலிவு மாடல்கள் சிலவற்றில் அந்த வசதியே இருக்காது. யூடியூபுக்கு பிரீமியம் சந்தாவையும் பார்க்க வேண்டும். சந்தா இருந்தும் வரவில்லையென்றால், செட்டிங்ஸில் Picture-in-picture என்று தேடி, யூடியூபுக்கு அனுமதி இருக்கிறதா பாருங்கள்.

அக்கா, உங்கள் போனில் கோளாறு இல்லை. திரையைப் பிரித்தாலும் பேச்சு ஒரு நேரத்தில் ஒன்றுதான். வாய்ஸ் மெசேஜ் ஓடினால் யூடியூப் வழிவிட்டு நின்றுகொள்ளும். நீங்கள் பதிவு செய்தாலும் அப்படித்தான். எழுதிப் பதில் போட்டால் நிற்காது. ஆனால் கீபோர்டு வந்ததும் பாதித் திரை போய்விடும், பாகின் நிறமும் நுரையும் சரியாகத் தெரியாது. அதனால் அந்தக் கட்டத்தில் வீடியோவை முழுத் திரையில் விடுங்கள். மெசேஜ் வந்தால் மேலிருந்து இழுத்து, நோட்டிஃபிகேஷனிலேயே Reply தொட்டு "2 கப்" என்று அடித்தால் போதும்.

ஓசூர் ஐபோன்: எனக்குத் திரையைப் பிரிக்கும் வழியே இல்லை. ஐபேடில்தான் அது உண்டு. யூடியூப் இணைப்பை வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பி, அங்கேயே ஓடவிடுவேன். வேறு சாட்டுக்குப் போனாலும் சின்னத் திரை கூடவே வரும். வாட்ஸ்அப்பை விட்டு வெளியே வந்தால் போச்சு.

பென்னாகரம் அக்கா: அந்தச் சின்னத் திரையில் அளவு படிக்க முடிகிறதா?

ஓசூர் ஐபோன்: எங்கே! கடலைமாவு 1, சர்க்கரை 2, நெய் 2 என்று முதலிலேயே சாட்டில் அடித்து வைத்துக்கொள்வேன். சில நேரம் அந்தப் பெட்டி செண்ட் பட்டன் மேலேயே உட்கார்ந்துகொள்ளும், இழுத்துத் தள்ள வேண்டும்.

காரிமங்கலம்: என் பழைய போனில் கீழே சாட்டைத் தொட்டாலே மேலே வீடியோ நிற்கிறதே, வாய்ஸ் மெசேஜே இல்லாமல்?

கிருஷ்ணகிரி மொபைல் கடை: ஆண்ட்ராய்டு 9 வரை சில ஆப்கள் அப்படித்தான், தொட்டது மட்டும் ஓடும். உங்களுடையது எந்த வெர்ஷன்?

காரிமங்கலம்: பார்த்துச் சொல்கிறேன். பையன் கேம் ஆடிக்கொண்டிருக்கிறான்.