வீட்டுக் கணினியில் சரியாக ஓடும் நிரல் வகுப்புக் கணினியில் inf காட்டுகிறது: செவ்வன் பரம்பல் எண்கள் பற்றி உதவி தேவை

கொட்டாஞ்சேனை மாணவன்

எல்லோருக்கும் வணக்கம். புறக்கோட்டையில் என் மாமாவுக்கு வெங்காய மொத்தக் கடை இருக்கிறது. அவருடைய கணக்குப் புத்தகத்திலிருந்து பார்த்ததில் ஒரு நாளில் சராசரியாக 400 மூட்டை போகிறது, நியம விலகல் 60. காலையில் எத்தனை மூட்டை கையில் இருந்தால் தட்டுப்பாடு வராது என்று கண்டுபிடிக்க ஒரு நிரல் எழுதினேன். rand() தரும் எண்களை பாக்ஸ்–முல்லர் முறையில் மாற்றி, 400 + 60 * normal() என்று பத்து இலட்சம் நாள்களை உருவாக்குகிறேன்.

```c
double normal(void) {
    double u1 = rand() / (double)RAND_MAX;
    double u2 = rand() / (double)RAND_MAX;
    return sqrt(-2.0 * log(u1)) * cos(6.283185307179586 * u2);
}
```

வீட்டில் லினக்ஸ். அங்கே ஒரு குறையும் இல்லை. வகுப்பில் விண்டோஸ். அங்கே அதிகபட்சம் inf, சராசரி -nan(ind). பத்தாயிரம் நாள் மட்டும் ஓட்டினால் பெரும்பாலும் சரியாக வருகிறது. சூத்திரத்தைப் பல தடவை சரிபார்த்துவிட்டேன். எங்கே பிழை?

தெஹிவளை நிரலாளர்

u1 பூச்சியமாக வரும்போது log(0) முடிவிலியாகிவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம். ஒரு வரி சேருங்கள், பிரச்சினை தீர்ந்தது:

```c
if (u1 == 0) u1 = 0.000001;
```

கொட்டாஞ்சேனை மாணவன்

அருமை, inf போய்விட்டது. சராசரி 400, விலகல் 60 என்று அழகாக வருகிறது. மிக்க நன்றி!

எண்கணக்கன்

தம்பி, நன்றி சொல்ல அவசரப்படாதீர்கள். நோயைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார், கொடுத்த மருந்துதான் வேறு நோயைக் கொண்டுவரும்.

முதலில் இரண்டு கணினிகளிலும் RAND_MAX எவ்வளவு என்று அச்சிட்டுப் பாருங்கள். லினக்ஸில் 2147483647 என்று வரும். விண்டோஸில் வெறும் 32767. அதாவது வகுப்புக் கணினியில் rand() தரக்கூடிய வேறுபட்ட விடைகள் 32768 மட்டுமே, அவற்றில் ஒன்று பூச்சியம். பத்து இலட்சம் தடவை u1 எடுத்தால் ஏறத்தாழ 30 தடவை பூச்சியம் விழும். வீட்டில் அது 200 கோடிக்கு ஒரு தடவை என்பதால் உங்கள் கண்ணில் படவே இல்லை. அந்த முப்பதில் cos நேராக இருந்தால் +inf, மறையாக இருந்தால் -inf. இரண்டையும் கூட்டினால் nan. சராசரி கெட்டது அப்படித்தான்.

இப்போது அந்த 0.000001. அதை சூத்திரத்தில் போட்டால் வர்க்கமூலம் 5.26 ஆகிறது. நியாயமாகப் பத்து இலட்சத்தில் ஒரு தடவை மட்டும் வரவேண்டிய தூரம் அது. நீங்கள் அதைப் பத்து இலட்சத்தில் 30 தடவை வரவைக்கிறீர்கள். உங்கள் கடைக் கணக்கில் சொன்னால், 700 மூட்டைக்கு மேல் போகும் நாள் 5 நியம விலகலுக்கு அப்பால் இருக்கிறது. செவ்வன் பரம்பலில் அது ஏறத்தாழ 35 இலட்சம் நாள்களுக்கு ஒன்று. உங்கள் நிரலில் பத்து இலட்சத்துக்கு மூன்று வரும். சராசரியும் விலகலும் இதைக் காட்டிக்கொடுக்காது. முப்பது எண்கள் பத்து இலட்சத்தின் சராசரியை அசைக்குமா என்ன? ஆனால் நீங்கள் தேடுவது சராசரியை அல்ல, அந்த ஓரத்தைத்தான்.

பூச்சியத்தை ஒட்டுப்போடாமல், அது பிறக்கவே விடாதீர்கள்:

```c
double u1 = (rand() + 1.0) / (RAND_MAX + 1.0);
```

1.0 என்று புள்ளியோடு எழுதுவது முக்கியம். லினக்ஸில் RAND_MAX + 1 என்று முழு எண்ணாக எழுதினால் எண் நிரம்பி வழிந்து மறைப் பெறுமானமாகிவிடக்கூடும்.

தெஹிவளை நிரலாளர்

ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் பூச்சியம் வந்தால் தூக்கி எறிந்துவிட்டு இன்னொன்று எடுக்கலாமே? while (u1 == 0) போதாதா?

எண்கணக்கன்

போதும். அதில் பொய்யான எண் எதுவும் நுழையாது. நான் எழுதியதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

101இல் போகிறவன்

எனக்கும் இதே பிரச்சினைதான். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போக 101 பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தை உருவகப்படுத்துகிறேன். சராசரி 8 நிமிடம், விலகலும் 8 என்று வைத்து இதே normal() பயன்படுத்தினேன். மறை நிமிடங்கள் வருகின்றன! நான் தரிப்பிடத்துக்கு வருவதற்கு முன்பே பஸ்ஸில் ஏறியிருக்கிறேன் போலிருக்கிறது. u1 ஐ மாற்றிய பிறகும் அப்படியே.

எண்கணக்கன்

உங்களுடையது வேறு பிரச்சினை. சராசரியும் விலகலும் சமமாக இருக்கும் செவ்வன் பரம்பலில் ஏறத்தாழ 16 சதவீதம் பூச்சியத்துக்குக் கீழே விழத்தான் செய்யும். காத்திருப்பு நேரத்துக்கு அடுக்குக்குறிப் பரம்பலைப் பாருங்கள். அதற்கு cos எல்லாம் தேவையில்லை, -8.0 * log(u1) போதும். பாதித் தடவை ஐந்தரை நிமிடத்துக்குள் பஸ் வரும், சில தடவை அரை மணி நேரம் நிற்க வேண்டிவரும். பூச்சியம் இங்கேயும் ஆபத்து, ஏனென்றால் u1 = 0 என்றால் பஸ் வரவே வராது.

101இல் போகிறவன்

அது சில நாள்களில் உண்மையாகவும் நடக்கிறது.

கொட்டாஞ்சேனை மாணவன்

எண்கணக்கன் அண்ணா, நீங்கள் சொன்னபடி மாற்றினேன். inf இல்லை. ஆனால் வகுப்புக் கணினியில் அதிகபட்சம் 673 மூட்டை என்று வருகிறது. ஒரு கோடி நாள் ஓட்டினேன், மறுபடியும் 673. வீட்டில் பத்து இலட்சத்துக்கு 680ஐத் தாண்டுகிறது, ஒரு கோடிக்கு 700ஐயும் தாண்டுகிறது. 674 மூட்டை வைத்தால் ஒருபோதும் தட்டுப்பாடு வராது என்று மாமாவிடம் சொல்லலாமா?

எண்கணக்கன்

சொல்லாதீர்கள். அந்த 673 வெங்காயத்தைப் பற்றியது அல்ல, rand() ஐப் பற்றியது.

புதிய வரியின்படி u1 எடுக்கக்கூடிய மிகச் சிறிய பெறுமானம் 1/32768. அதன் மடக்கையை சூத்திரத்தில் போட்டால் 4.56. அடுத்தது 2/32768, அதற்கு 4.41. அதற்கடுத்து 4.31. ஓரத்தில் இப்படி இடைவெளி விட்டுப் படிகள்தான் இருக்கின்றன, கடைசிப் படி 4.56. cos ஒன்றைத் தாண்டாது. ஆக 400 + 60 × 4.56 = 673.6. அதற்கு மேல் ஒரு கோடி ஓட்டினாலும் நூறு கோடி ஓட்டினாலும் போகாது. எண்ணிக்கையைப் பத்து மடங்காக்கியும் அதிகபட்சம் நகரவில்லை என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நீங்கள் இரண்டாவது தடவை ஓட்டிப் பார்த்தது நல்ல வேலை.

வீட்டிலும் எல்லை உண்டு, 31 பிட்டுக்கு அது ஏறத்தாழ 6.56. உங்கள் தேவைக்கு அது தொலைவில் இருக்கிறது. இரண்டு கணினியிலும் ஒரே மாதிரி வேண்டுமானால் rand() ஐ விட்டுவிட்டு சி++ தரும் mt19937_64 ஐ எடுங்கள்:

```cpp
std::mt19937_64 g(7);
double u() { return ((g() >> 11) + 1) / 9007199254740992.0; }
```

இது 53 பிட். எல்லை 8.57க்குப் போய்விடும். u1, u2 இரண்டுக்கும் u() ஐ அழையுங்கள். std::normal_distribution என்று ஆயத்தமாகவும் ஒன்று இருக்கிறது, ஆனால் அது உள்ளே எந்த முறையில் மாற்ற வேண்டும் என்று சி++ தரநிலை கட்டாயப்படுத்தவில்லை. அதே விதை எண்ணைக் கொடுத்தாலும் வீட்டில் ஒரு வரிசை, வகுப்பில் ஒரு வரிசை வரலாம்.

பழைய போர்ட்ரான்காரர்

இவ்வளவு சிரமம் எதற்கு, தம்பி? நாங்கள் ஐபிஎம் நிரல் தொகுப்பில் GAUSS என்று ஒன்றை வைத்திருந்தோம். சீரான எழுமாற்று எண்கள் பன்னிரண்டைக் கூட்டி ஆறைக் கழித்தால் முடிந்தது. இடை 0, விலகல் 1. மடக்கையும் இல்லை, cos உம் இல்லை, முடிவிலியும் இல்லை. வரைபடம் போட்டால் மணி வடிவம் கண்ணுக்கு வேறுபாடே தெரியாது.

எண்கணக்கன்

ஐயா, வரைபடத்தில் தெரியாது என்பது உண்மை. நடுப்பகுதிக்கு அந்த முறை நன்றாகவே போதும். ஆனால் பத்து இலட்சத்தில் 3 விலகலுக்கு மேல் 1350 வரவேண்டிய இடத்தில் பன்னிரண்டின் கூட்டல் 1007தான் தருகிறது. 4 விலகலுக்கு மேல் 32 வரவேண்டும், எட்டோ ஒன்பதோ வருகிறது. தம்பியின் கடையில் அது 640 மூட்டைக் கோடு. தட்டுப்பாடு நாள்களில் நான்கில் மூன்றை மறைத்துவிடுகிறது.

பழைய போர்ட்ரான்காரர்

அந்த நாளில் நான்கு விலகலை யார் கேட்டார்கள்! தேர்வுப் புள்ளிகளைத்தான் உருவகப்படுத்தினோம்.

மரக்கறிக் கடைக்காரி

நான் நிரல் எழுதுகிறவள் அல்ல, தம்பியின் மாமாவைப் போல வியாபாரம் செய்கிறவள். சித்திரைப் புத்தாண்டுக்கு முந்தைய வாரம் எங்களுக்கு விற்பனை இரண்டு மடங்கு. போயா தினத்தில் பாதி. அதையெல்லாம் ஒன்றாகப் போட்டு 400, 60 என்று எடுத்தால் அந்த 700 மூட்டை நாள் 35 இலட்சம் நாள்களுக்கு ஒன்று அல்ல, ஒவ்வொரு ஏப்ரலிலும் வரும்.

கொட்டாஞ்சேனை மாணவன்

அக்கா, உண்மைதான். புத்தகத்தில் புத்தாண்டு வாரம் தனியாகத் தெரிகிறது, நான் அதை விட்டுவிட்டுத்தான் சராசரி எடுத்தேன். பரம்பலே வேண்டாம், புத்தகத்திலிருந்து ஒரு நாளை எழுமாற்றாகத் தெரிந்து அப்படியே பயன்படுத்தலாமா? சீரான எண்ணை வரிசை எண்ணாக மாற்றினால் போதுமே.

எண்கணக்கன்

செய்யலாம், பண்டிகை வாரத்தையும் சாதாரண நாள்களையும் பிரித்து வைத்துக்கொண்டால். ஆனால் புத்தகத்தில் இல்லாத பெரிய நாள் ஒன்று அந்த முறையில் வரவே வராது. இங்கேயும் ஒரு உச்சவரம்பு வந்துவிடுகிறது. எத்தனை வருடக் கணக்கு இருக்கிறது?

கொட்டாஞ்சேனை மாணவன்

ஒழுங்காக எழுதியது ஒரு வருடம்தான். அதற்கு முந்தையவை துண்டுக் கடதாசிகளில் இருக்கின்றன, தட்டச்சு செய்யத் தொடங்கியிருக்கிறேன்.

101இல் போகிறவன்

என் கேள்வியும் இன்னும் இருக்கிறது. -8.0 * log(u1) போட்டேன், மறை நிமிடங்கள் போய்விட்டன. ஆனால் உண்மையில் இரண்டு 101 ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டு, பிறகு நெடுநேரம் ஒன்றும் வருவதில்லை. ஒரு பஸ் வருவது அடுத்ததைப் பாதிக்கிறது என்றால் ஒவ்வொரு காத்திருப்புக்கும் தனித்தனியாக u1 எடுப்பது சரிதானா?