லாப நட்டக் கணக்கிலிருந்து DOL, DFL: விடை ஒத்துவரவில்லை

மலர்_பிகாம்: விற்பனை மாறினால் செயல்பாட்டு லாபம் எத்தனை மடங்கு மாறும் என்று காட்டும் DOL, அந்த லாபம் மாறினால் சாதாரணப் பங்குதாரர் வருவாய் எத்தனை மடங்கு மாறும் என்று காட்டும் DFL, இரண்டையும் கேட்கும் பயிற்சிக் கணக்கு ஒன்றில் மாட்டிக்கொண்டேன். எல்லாம் லட்சத்தில்: விற்பனை 40, விற்ற சரக்கின் அடக்கவிலை 28, நிர்வாக, விற்பனைச் செலவு 4, வட்டி 2, வரி 25%, முன்னுரிமைப் பங்கு டிவிடெண்ட் 0.75. அடக்கவிலைக்குள் தேய்மானமும் மேற்பார்வையாளர் சம்பளமும் 4 இருக்கிறது, நிர்வாக, விற்பனைச் செலவு முழுக்க நிலையானது என்று அடிக்குறிப்பு. மொத்த லாபம் 12, வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபமான ஈபிஐடி 8. அதனால் DOL 12/8 = 1.5, DFL 8/6 = 1.33 போட்டேன். விடையில் 2, 1.6 என்று இருக்கிறது. எங்கே இடிக்கிறது?

சரவணன்_77: முன்னுரிமை டிவிடெண்டை விட்டுவிட்டீர்களே. 6-லிருந்து 0.75 கழித்தால் 8/5.25, அதாவது 1.52. 1.6 என்பது அச்சுப்பிழையாக இருக்கும்.

காஸ்டிங்_ஐயா: அச்சுப்பிழை இல்லை, சரவணன். டிவிடெண்ட் வரி கட்டிய பிறகு மிஞ்சுவதிலிருந்து போகிறது. 25% வரி இருக்கும்போது 0.75 கொடுக்க வரிக்கு முன் 1 சம்பாதித்தாக வேண்டும். அந்த 1-ஐத்தான் கழிக்கணும்.

மலர், உங்கள் DOL தவறியது அடிக்குறிப்பில். விற்பனை கூடினாலும் தேய்மானம் கூடாது, அதனால் அந்த 4-ஐ அடக்கவிலையிலிருந்து வெளியே எடுங்கள். மாறும் செலவு 24, விற்பனையில் அது போக மிஞ்சும் கான்ட்ரிப்யூஷன் 16. மொத்த லாபத்தை அப்படியே மேலே வைத்தால் நிலைச் செலவில் பாதி கண்ணில் படாமல் போய்விடும்.

```
DOL = 16 / 8 = 2
DFL = 8 / (8 - 2 - 0.75/(1 - 0.25)) = 1.6
```

சந்தேகம் இருந்தால் விற்பனையை 10% ஏற்றிப் பாருங்கள். கான்ட்ரிப்யூஷன் 17.6, ஈபிஐடி 9.6, அது 20% உயர்வு. வட்டி, வரி, டிவிடெண்ட் போக சாதாரணப் பங்குதாரருக்கு முன்பு 3.75, இப்போது 4.95. உயர்வு 32%. 20-ஐ 1.6-ஆல் பெருக்கினால் அதே 32. சரவணனின் 1.52 வைத்தால் 30.4-தான் வரும்.

மலர்_பிகாம்: போட்டுப் பார்த்தேன் ஐயா, 32 வருகிறது. ரொம்ப நன்றி.

நூல்மில்_கணக்கர்: எங்கள் மில்லில் ஒரு காலாண்டுக்கு DOL 14 வந்தது. கணக்கு தப்பா?

காஸ்டிங்_ஐயா: ஈபிஐடி மிகவும் சிறிதாக இருந்திருக்கும். லாபமும் நட்டமும் இல்லாத சமநிலைப் புள்ளியை நெருங்கினால் கீழே இருக்கும் எண் சுருங்கி விடை எகிறும். அந்த 14 அந்த விற்பனை அளவுக்கு மட்டும்தான் பொருந்தும், அடுத்த காலாண்டுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். மின்கட்டணத்தை எதில் சேர்த்தீர்கள்?

நூல்மில்_கணக்கர்: முழுவதும் மாறும் செலவில்.

காஸ்டிங்_ஐயா: அதில் யூனிட் கணக்கில் இல்லாமல் இணைப்பின் திறனுக்காகக் கட்டும் டிமாண்ட் சார்ஜ் மில் ஓட்டத்தோடு ஏறி இறங்காது, நிலைச் செலவில் போடுங்கள்.

சரவணன்_77: அது சரி, தினக்கூலி? ஆர்டர் குறைந்தாலும் ஆளை உடனே நிறுத்த முடிவதில்லையே.

நூல்மில்_கணக்கர்: எங்கள் ஆடிட்டர் மாறும் செலவு என்கிறார். மேனேஜர் ஒத்துக்கொள்வதில்லை.