ரெஸ்யூமே ஒண்ணு சொல்லுது, லிங்க்ட்இன் ஒண்ணு சொல்லுது: மாட்டிக்கிட்டவங்க வந்து சொல்லுங்க

ஓஎம்ஆர் வாசி
போன மாசம் நடந்தது, சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடறேன். புது ஆஃபர் கைல இருக்கு, இங்க பேப்பர் போட்டு 40 நாள் ஆச்சு, அப்போ பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்ல இருந்து மெயில். ரெஸ்யூமேல 2019 ஜூன்ல இருந்து ஒரே கம்பெனி, லிங்க்ட்இன்ல ரெண்டு கம்பெனி, பிஎஃப்ல மொத 22 மாசம் வெண்டார் பேரு, எது சரின்னு கேக்கறாங்க. நான் வெண்டார் பேரோல்ல இருந்துக்கிட்டு க்ளையண்ட் ஆஃபீஸ்லதான் உக்காந்திருந்தேன், 2021 ஏப்ரல்ல க்ளையண்டே எடுத்துக்கிட்டாங்க. அதே சீட்டு அதே மேனேஜர், அதனால ஒரே கம்பெனின்னு எழுதிட்டேன், ஏமாத்தணும்னு இல்ல. போதாக்குறைக்கு நான் போட்டது டீம் லீட், லெட்டர்ல சீனியர் இன்ஜினியர். ரெண்டு ரிலீவிங் லெட்டரையும் அனுப்பி விளக்கம் எழுதி க்ளியர் ஆக 12 நாள், சோறு இறங்கல.

கோவை குமார்
சிம்பிள் ப்ரோ. யுஏஎன் போர்ட்டல்ல சர்வீஸ் ஹிஸ்டரி இருக்கும், அதுல இருக்கற தேதிய அப்படியே ரெண்டு எடத்துலயும் காப்பி பண்ணுங்க, எவனும் கேக்க மாட்டான்.

பழைய ரெக்ரூட்டர்
குமார் சொல்றது பாதிதான் சரி. கம்பெனி பேரும் சேந்த தேதியும் அங்க பாக்கலாம், ஆனா விட்ட தேதிய போடறது பழைய கம்பெனி, சில பேர் போடவே மாட்டாங்க, சில பேர் தப்பா போடுவாங்க. போடாம விட்டா கடைசி பிஎஃப் கட்டி ரெண்டு மாசம் கழிச்சு நாமளே போர்ட்டல்ல போட்டுக்கலாம். பிஎஃப்பே பிடிக்காத ஆளுங்களும் இருக்காங்க. அதனால ரிலீவிங் லெட்டர்ல இருக்கற கடைசி வேலை நாள மொதல்ல எடுங்க, பிஎஃப்போட ஒத்துப் பாருங்க, மாறுச்சுன்னா அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே ஹெச்ஆர்கிட்ட சொல்லிடுங்க. வெண்டார் கேஸ்ல கம்பெனி எடத்துல வெண்டார் பேரு, கீழ வரில எந்த க்ளையண்டுக்கு வேலை பாத்தோம்னு. ரெண்டு எடத்துலயும் இதேதான்.

மடிப்பாக்கம் மீனா
அக்கா எனக்கு வேற மாதிரி. அம்மா ஆபரேஷனுக்காக 7 மாசம் வீட்ல இருந்தேன், அத மறைக்க ரெஸ்யூமேல வருஷம் மட்டும் போட்டேன், 2019 – 2021ன்னு. லிங்க்ட்இன்ல மாசம் இருந்தத மறந்தே போயிட்டேன். இன்டர்வியூல அந்த ஆள் லேப்டாப்ப திருப்பிக் காட்டி, ரெண்டு வருஷம்னீங்க, இங்க 1 வருஷம் 2 மாசம்னு இருக்கேன்னாரு. மூஞ்சி எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல.

பழைய ரெக்ரூட்டர்
மீனா, அந்த 1 வருஷம் 2 மாசமும் கொஞ்சம் ஊதினதாதான் இருக்கும். டிசம்பர் 2019 – ஜனவரி 2021ன்னு போட்டா லிங்க்ட்இன் ரெண்டு ஓர மாசத்தையும் முழுசா எண்ணி 14 மாசம்னு காட்டும். நீங்க டிசம்பர் 16 சேந்து ஜனவரி 8 விட்டிருந்தா நெசமா 13 மாசம்கூட நெறையல. அதனால அது காட்டற கணக்க எடுத்து ரெஸ்யூமே சம்மரில எழுதாதீங்க, தேதிய வெச்சு நீங்களே கூட்டுங்க. அப்புறம் 7 மாசத்துக்கு குடும்பக் காரணம்னு ஒரு வரி போட்டா யாரும் துருவி நான் பாத்ததில்ல, மூடி வெச்சிருக்கறததான் துருவுவாங்க.

டெஸ்டிங்தாத்தா
ஸ்கில் கதைய யாரும் சொல்லலியே. என் ரெஸ்யூமேல செலினியம் 5 வருஷம். லிங்க்ட்இன்ல அந்த வேலைக்குக் கீழ எழுதியிருந்தது பூரா மேனுவல் டெஸ்டிங். எந்த ப்ராஜெக்ட்ல ஆட்டோமேஷன் பண்ணீங்கன்னு ஒரே கேள்வி. நெசத்துல கடைசி ஒன்றரை வருஷம்தான். இப்போ ரெஸ்யூமேல இருக்கற ஒவ்வொரு ஸ்கில்லயும் எடுத்து, லிங்க்ட்இன்ல எந்த வேலைல அது கத்துக்கிட்டதோ அந்த வேலையோடயே சேத்து விட்டிருக்கேன். எதோடயும் சேக்க முடியாத நாலு ஸ்கில்ல ரெண்டுலயும் தூக்கிட்டேன்.

புதுசா வந்தவன்
நௌக்ரில தினமும் அப்டேட் பண்ணா மேல வரும்னு சொல்றாங்களே, அதுவா இது?

டெஸ்டிங்தாத்தா
அது வேற பஞ்சாயத்து தம்பி. ஆனா நௌக்ரி ப்ரொஃபைலயும் சேத்தே சரி பாரு, அங்க ஏத்தின பழைய ரெஸ்யூமே அப்படியே கெடக்கும்.

கோவை குமார்
சரி அக்கா, டைட்டில் விஷயத்துக்கு வாங்க. எங்க லெட்டர்ல மெம்பர் டெக்னிக்கல் ஸ்டாஃப். அப்படியே போட்டா எந்த ரெக்ரூட்டர் தேடுவான்?

பழைய ரெக்ரூட்டர்
டைட்டில்ல லெட்டர்ல இருக்கறது, பேருக்குக் கீழ வர்ற ஹெட்லைன்ல பேக்எண்ட் டெவலப்பர்னு போடுங்க. அங்க வேலைய சொல்லலாம், பதவிய ஏத்தக் கூடாது.

கோவை குமார்
எனக்கு ஒப்பல. ஃப்ரெண்ட் ஒருத்தன் டைட்டில்லயே பேக்எண்ட் டெவலப்பர்னு போட்டுத்தான் மூணு கம்பெனி மாறினான், ஒண்ணும் ஆகல.

ஓஎம்ஆர் வாசி
ஆகற வரைக்கும் ஒண்ணும் ஆகாது ப்ரோ 😅 இன்னொண்ணு, வெரிஃபிகேஷன் முடிஞ்ச ராத்திரி எல்லாத்தையும் ஒரேடியா திருத்தினேன், "Notify network" ஆஃப் பண்ண மறந்துட்டேன். காலைல டீம்ல பாதிப் பேரு கங்கிராட்ஸ் போட்டிருக்கான், பழைய வெண்டார் வேலைக்கு.