நிர்வாகக் குழு ஒப்புதலுக்குக் காத்திருக்கும் வேலை: போன் செய்து கேட்கலாமா?

கணக்குடீச்சர்: ஜூன் 3ஆம் தேதி ஒரு கலை அறிவியல் கல்லூரியில் கணிதத் துறை உதவிப் பேராசிரியர் வேலைக்கு நேர்காணல், டெமோ வகுப்பு இரண்டும் முடிந்தன. நான் எம்.எஸ்சி., செட் தேர்ச்சி. முதல்வர், "உங்களைத்தான் பரிந்துரைக்கிறோம், மேனேஜ்மென்ட் அப்ரூவல் வந்ததும் ஆர்டர் அனுப்புவோம்" என்றார். மூன்று வாரம் ஆகிவிட்டது, ஒரு தகவலும் இல்லை. இப்போது வேலை பார்க்கும் மெட்ரிக் பள்ளியில் விலகுவதற்கு ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும். கல்லூரிக்குப் போன் செய்து கேட்கலாமா? பள்ளியில் எப்போது சொல்வது?

கொள்ளிடம்: கேட்காமல் இருந்தால் மறந்துவிடுவார்கள், மேடம். வாரம் ஒரு முறை போன் செய்யுங்கள். அதைவிட நல்லது, நேரில் போய்த் தாளாளரையே பார்ப்பது. தனியார் கல்லூரியில் கையெழுத்துப் போடுபவர் அவர்தான், முதல்வர் இல்லை. எனக்கு 2016இல் இப்படித்தான் ஆர்டர் கிடைத்தது. வாசலில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் வெளியே வந்து, "நீங்கதானா அது?" என்று கேட்டுவிட்டு, அங்கேயே கோப்பை வரவழைத்தார்.

மௌனசாமி: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டால், இவங்களுக்கு வேற வழியில்லை போல என்று நினைத்துக்கொள்வார்கள். சம்பளம் பேசும்போது அது தெரியும். எடுக்கப் போகிறவர்கள் தாமாகவே கூப்பிடுவார்கள். மூன்று வாரம் சத்தமில்லை என்றால் வேறொருவரை எடுத்துவிட்டார்கள். "மேனேஜ்மென்ட் அப்ரூவல்" என்பது, "இல்லை" என்பதை மரியாதையாகச் சொல்வதற்கு ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

கோப்புக்கட்டு: ஒரு அரசு உதவி பெறும் கல்லூரி அலுவலகத்தில் 27 வருடம் இருந்தேன், கடைசியில் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். இந்தக் கோப்புகளை நானே நோட் போட்டு மேலே அனுப்பியிருக்கிறேன். அதனால் முதலில் ஒரு கேள்வி, அம்மா. இது எய்டட் இடமா, சுயநிதிப் பிரிவு இடமா? ஒரே வளாகத்தில் இரண்டும் இருக்கும், ஒரே முதல்வர்தான் பேசுவார், ஆனால் கோப்பு போகும் வழி வேறு.

எய்டட் என்றால் கல்லூரிக் குழு தீர்மானம் போட்டு நியமித்த பிறகும் வேலை முடியாது. பல்கலைக்கழகம் உங்கள் தகுதியை ஏற்க வேண்டும், அப்புறம் மண்டல இணை இயக்குநர் அலுவலகம் நியமனத்துக்கு ஒப்புதல் தர வேண்டும். அதுவரை அரசுச் சம்பளம் வராது, வந்த பிறகு நிலுவையாகச் சேர்த்துக் கிடைக்கும். சேர்ந்து பல மாதம் சம்பளமில்லாமல் பாடம் எடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சுயநிதி என்றால் பணம் நிர்வாகத்தினுடையது. அவர்கள் சரி என்றால் அடுத்த வாரமே ஆர்டர் வரும்.

கணக்குடீச்சர்: சுயநிதிப் பிரிவுதான், ஐயா. விளம்பரத்திலும் அப்படித்தான் இருந்தது.

நெறிமுறை: 2018 யூஜிசி விதிமுறையைப் பாருங்கள். தேர்வுக் குழு நேர்காணல் நடந்த நாளிலேயே மதிப்பெண்ணோடு பட்டியல் தயாரித்து, காத்திருப்போர் பெயரும் சேர்த்து, எல்லாரும் கையெழுத்திட்டு முடிக்க வேண்டும். அப்படியிருக்க மூன்று வாரம் எதற்கு? முடிவு ஜூன் 3ஆம் தேதியே எடுத்தாகிவிட்டது. இவர் அதை எழுத்தில் கேட்க உரிமை உண்டு. தரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடட்டும், 30 நாளில் பதில் தர வேண்டும்.

கோப்புக்கட்டு: தம்பி, நீங்கள் சொன்ன முதல் பாதி சரி. தேர்வுக் குழு அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் தேர்வுக் குழு செய்வது பரிந்துரை. நியமிப்பது நிர்வாகம். தமிழ்நாட்டில் தனியார் கல்லூரிகளுக்கான 1976ஆம் வருடச் சட்டமும் நியமிக்கிற அதிகாரத்தைக் கல்லூரிக் குழுவிடம்தான் வைத்திருக்கிறது. அந்தக் குழு கூடித் தீர்மானம் போடாமல் முதல்வர் ஆர்டரில் கையெழுத்திட முடியாது. அவர் அந்த அம்மாவிடம் சொன்னது பொய் இல்லை.

சரி, மூன்று வாரம் ஏன் என்பதற்கு வருகிறேன். சுயநிதிப் பிரிவில் மேலே போகிற நோட்டில் உங்கள் மதிப்பெண்ணும் தகுதியும் நாலு வரிதான் இருக்கும். அதற்குக் கீழே ஒரு சிறிய அட்டவணை இருக்கும். துறையில் வாரத்துக்கு மொத்தம் எத்தனை பாடவேளை, இப்போது எத்தனை ஆசிரியர், முதலாமாண்டில் இதுவரை எத்தனை பேர் கட்டணம் கட்டியிருக்கிறார்கள், புதியவருக்கு உத்தேசச் சம்பளம் என்ன. செயலரின் கண் முதலில் அங்கேதான் போகும். எங்கள் செயலர் ஓரத்தில் சிவப்பு மையில் "பேசவும்" என்று எழுதித் திருப்பி அனுப்புவார். அந்த ஒரு வார்த்தைக்காகக் கோப்பு பத்து நாள் மேசையில் கிடக்கும். அவர் பேச நினைப்பது உங்களைப் பற்றி அல்ல, அந்த இடத்தைப் பற்றி. பி.எஸ்சி. கணிதத்தில் 60 இடத்துக்கு 22 பேர்தான் சேர்ந்திருக்கிறார்கள் என்றால், இன்னொரு ஆசிரியர் எதற்கு என்பார். சேர்க்கை முடியும் வரை ஆறப் போடுவார்.

ஆனால் கணிதத்துக்கு ஒரு நல்ல விஷயம் உண்டு. கணினி அறிவியல், பி.சி.ஏ., இயற்பியல் மாணவர்களுக்கும் துணைப்பாடமாகக் கணிதம் எடுக்க வேண்டியிருக்கும். கணிதப் படிப்பில் ஆள் சேராவிட்டாலும் பி.சி.ஏ.வில் இரண்டு பிரிவு நிறைந்தால் பாடவேளை வந்துவிடும். துறைத்தலைவர் அந்தக் கணக்கை நோட்டில் எழுதியிருக்கிறாரா என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

தேனிக்காரி: எனக்கும் இதே நிலைமைதான். பையனுக்கு எல்.கே.ஜி. அட்மிஷன், "மேனேஜ்மென்ட் முடிவு செய்யும்" என்று ஒரு மாதமாக இழுக்கிறார்கள். தினமும் போன் செய்கிறேன், ரிசப்ஷனில் ஒரே பதில்.

கோப்புக்கட்டு: அது வேறு கதை, அம்மா. பள்ளிச் சேர்க்கையில் பெரும்பாலும் குழு கூடி ஒவ்வொரு பெயராகப் பார்ப்பதில்லை. நிர்வாகத்துக்கென ஒதுக்கிய சில இடங்களைத் தாளாளர் கடைசி வரை கையில் வைத்திருப்பார். ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணுக்கு அது தெரியவே தெரியாது. தினமும் அவரைக் கேட்பதில் பயனில்லை. அட்மிஷன் பார்க்கிற அலுவலரிடம், காத்திருப்புப் பட்டியலில் எத்தனையாவது, எந்தத் தேதியில் பட்டியலை மூடுவீர்கள் என்று ஒரே முறை கேளுங்கள். நடுவில் வேறொரு பள்ளியில் இடம் போட்டு வையுங்கள்.

மௌனசாமி: அப்படியானால் காத்திருப்பதுதானே வழி? அவர்கள் பேசுவது இடத்தைப் பற்றி என்றால் இவர் போன் செய்து என்ன ஆகப்போகிறது?

கோப்புக்கட்டு: ஒப்புதல் வேகமாக வராது, உண்மைதான். ஆனால் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று தெரியும். அது தெரிந்தால் இவர் பள்ளியில் எப்போது பேசுவது என்று முடிவு செய்யலாம். அவருடைய இரண்டாவது கேள்வியே அதுதானே.

"என் வேலை என்ன ஆச்சு?" என்று கேட்டால் "சொல்றோம் மேடம்" என்பதுதான் பதிலாக வரும். கேள்வியைச் சின்னதாக்க வேண்டும். முதல்வர் அலுவலகக் கண்காணிப்பாளரைக் காலை பதினொன்றரை மணிக்கு மேல் கூப்பிடுங்கள். அதற்கு முன் தபால் பார்க்கும் நேரம். "ஜூன் 3ஆம் தேதி கணித நேர்காணலுக்கு வந்தேன். கோப்பு டிரஸ்ட் அலுவலகத்துக்குப் போய்விட்டதா? அடுத்த குழுக் கூட்டம் எப்போது?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். அவர் தேதி சொன்னால் அந்தத் தேதிக்கு இரண்டு வேலை நாள் கழித்துத்தான் மறுபடி கூப்பிட வேண்டும். மினிட்ஸ் தட்டச்சாகிக் கையெழுத்தாக அவ்வளவு நாள் பிடிக்கும்.

கூட்டம் நடந்தும் "இன்னும் வரலை" என்றால் உங்கள் பெயர் அஜெண்டாவில் ஏறவில்லை, அல்லது தள்ளி வைத்துவிட்டார்கள். தேதியே சொல்லாமல் மழுப்பினால் சேர்க்கைக்குக் காத்திருக்கிறார்கள். அசல் சான்றிதழ் சரிபார்க்க வரச் சொன்னாலோ, பள்ளியில் எப்போது விடுவிப்பார்கள் என்று அவர்களே கேட்டாலோ, விஷயம் முடியும் தறுவாயில் இருக்கிறது. சரிபார்க்கக் காட்டுங்கள், அசலை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.

கொள்ளிடம்: ஐயா, இதெல்லாம் பெரிய டிரஸ்டுக்குச் சரி. சின்னக் கல்லூரியில் குழுவே தாளாளர் வீட்டார்தான். அங்கே நேரில் போவதுதான் வேலை செய்யும்.

கோப்புக்கட்டு: குடும்ப டிரஸ்டில் அது நடக்கலாம், உங்களுக்கு நடந்திருக்கிறது. நான் பார்த்த இடங்களில் முதல்வரைத் தாண்டிப் போனவரை முதல்வர் மறக்கவில்லை. சேர்ந்த பிறகு டைம்டேபிள் போடுவது அவர்தான். போக வேண்டுமென்றால் முதல்வரிடமே, "செயலரைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு வரட்டுமா, சார்?" என்று கேட்டுவிட்டுப் போகலாம்.

பாடவேளை: ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், அக்கா. ஆர்டர் கையில் வரும் வரை பள்ளியில் ராஜினாமா கொடுக்காதீர்கள். போன வருடம் ஒரு முதல்வர் வாக்குக் கொடுத்தார் என்று நான் மே மாதமே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜூலையில் அந்த இடத்தை கெஸ்ட் லெக்சரராக மாற்றி, மணிக்கணக்குச் சம்பளம் என்றார்கள். முதல்வர் நல்லவர்தான், வருத்தப்பட்டார். ஆனால் என் பள்ளியில் அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டார். நான் நவம்பர் வரை வீட்டில் இருந்தேன்.

நெறிமுறை: வேறு இடத்திலும் அழைப்பு வந்திருக்கிறது என்று சொன்னால் வேகம் பிடிக்குமே?

கோப்புக்கட்டு: உண்மையாகவே வந்திருந்தால் சொல்லலாம், எந்தத் தேதிக்குள் பதில் தர வேண்டும் என்பதோடு. இல்லாததைச் சொன்னால், "அப்போ அங்கேயே சேருங்கம்மா" என்று பட்டியலில் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். அதைவிட, "ஆர்டர் கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதத்தில் சேர முடியும்" என்று முதல்வருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். செயலர் "எப்ப வருவாங்க?" என்று கேட்டால் முதல்வரிடம் பதில் தயாராக இருக்கும். நோட்டிலும் அதைச் சேர்ப்பார்கள்.

கணக்குடீச்சர்: இன்று பன்னிரண்டு மணிக்குப் பேசினேன். கண்காணிப்பாளர் தன்மையாகப் பேசினார். கோப்பு 17ஆம் தேதியே டிரஸ்ட் அலுவலகத்துக்குப் போய்விட்டதாம், கூட்டம் ஜூலை 5. "பி.சி.ஏ. இரண்டாவது பிரிவுக்கு இன்னும் பதினோரு பேர் கட்டணம் கட்டணும், அதைத்தான் பார்க்கிறாங்க" என்று அவராகவே சொன்னார். முதல்வருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். பள்ளியில் எதுவும் சொல்லவில்லை.

மௌனசாமி: பதினோரு பேர் சேரவில்லை என்றால்?

கோப்புக்கட்டு: அப்போது கெஸ்ட் லெக்சரராக வரச் சொல்வார்கள். அதற்கு இப்போதே ஒரு பதிலை யோசித்து வையுங்கள், அம்மா. ஜூலை 5 சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை கூப்பிடுங்கள்.

கொள்ளிடம்: நான் இன்னமும் நேரில் போகத்தான் சொல்வேன்.