புதுப்பிப்பு: இடப்பெயர்வில தொலைஞ்ச பட்டச் சான்றிதழ்

முன்னம் கேட்டது: "2009 இடப்பெயர்வில பட்டச் சான்றிதழ் போயிட்டுது. கனடாவுக்குப் படிப்பை உறுதிப்படுத்த என்ன வழி?"

கிளிநொச்சியில இருந்துதான் எழுதிறன். வெளிநாட்டமைச்சின்ர முத்திரை குத்தினாப் போதும் எண்டு மச்சான் சொன்னது அரைவாசிதான் சரி. கனடாவுக்காகப் படிப்பை மதிப்பிடுற இடம் பெறுபேற்றுப் பத்திரத்தைப் பல்கலைக்கழகத்திட்ட இருந்து நேரேதான் கேக்குது.

எனக்குப் பதிவிலக்கமும் மறந்துபோச்சு. பல்கலைக்கழகப் பரீட்சைக் கிளையில முந்தி வேலை செய்த அண்ணைதான், "பீடத்தையும் பட்டமளிப்பு ஆண்டையும் எழுதுங்கோ, ஏட்டில தேடுவினம்" எண்டார். என்ர பதிவு கிடைச்சுது. பல்கலைக்கழகம் பத்திரத்தைப் போட்டு முத்திரை வைச்ச உறையைத் தம்பி ஆசையில உடைச்சிட்டான்! உடைச்சாச் செல்லாது, திரும்பக் காசு கட்டினன்.



பட்டத்தில முதலெழுத்து, கடவுச்சீட்டில முழுப்பெயர். ரெண்டும் ஒராள்தான் எண்டு சத்தியக்கடதாசி அனுப்பினன், பதில் இன்னும் வரேல்ல.